வரத் துணிந்தவள் ஏன் அழுதாள்? நற்றிணை 12 காட்டும் சிலம்பும் பந்தும்

காதலனோடு பிறந்த வீட்டை விட்டுப் போகத் தானே துணிந்த ஒரு பெண், போகும் விடியலில் அழுகிறாள். நற்றிணையின் 12ஆம் பாடல் சொல்லும் செய்தி இவ்வளவுதான். படிப்பவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். அவளுக்கு உள்ளூரப் போக மனமில்லை என்பது ஒன்று. அழுகை ஒரு நொடித் தடுமாற்றம்தான், போகும் விருப்பமே உண்மை என்பது மற்றொன்று. பாடலின் சொல்லமைப்பு இந்த இரண்டு முடிவுகளுக்குமே இடம் கொடுப்பதில்லை. ஆசையையும் துயரையும் அது எடை போட்டுப் பார்க்காமல் அருகருகே வைத்துவிடுகிறது. மனம் இரண்டுபட்டது என்று ஓரிடத்திலும் சொல்லாமல் சில பொருள்களாலும் சில விடுபாடுகளாலும் அதைத் தெரியவைப்பது எவ்வாறு என்பதே இங்கு விளக்க வேண்டியது.

## பாடலும் சூழலும்

பாடியவர் கயமனார். உடன்போக்கையும், மகள் போனபின் வீட்டில் தங்கிவிட்ட தாயின் துயரையும் மீண்டும் மீண்டும் பாடியவர் அவர். பாடல் பத்தே அடிகள்:

விளம்பழம் கமழும் கமஞ்சூல் குழிசிப்
பாசம் தின்ற தேய்கால் மத்தம்
நெய்தெரி இயக்கம் வெளில்முதல் முழங்கும்
வைகுபுலர் விடியல் மெய்கரந்து தன்கால்
அரிஅமை சிலம்பு கழீஇப் பன்மாண்
வரிப்புனை பந்தொடு வைஇய செல்வோள்
இவைகாண் தோறும் நோவர் மாதோ
அளியரோ அளியர்என் ஆயத் தோரென
நும்மொடு வரவுதான் அயரவும்
தன்வரைத்து அன்றியும் கலுழ்ந்தன கண்ணே

உடன்போக்கு என்பது, பிறர் அறியாமல் காதலித்த தலைவி, வீட்டார் இசைய மாட்டார்கள் என்ற நிலையில் தலைவனோடு புறப்பட்டு அவன் ஊருக்குச் சென்றுவிடுவது. இதை இன்றைய பேச்சில் 'ஓடிப்போவது' என்று சொன்னால் பழிப்பு ஒட்டிக்கொள்கிறது. அகப்பாடல் மரபில் அந்தப் பழிப்பு இல்லை. தொல்காப்பியக் கற்பியல், 'கொடுப்போர் இன்றியும் கரணம் உண்டே, புணர்ந்துடன் போகிய காலை யான' என்கிறது. கரணம் என்பது மணச்சடங்கு. மகளைக் கொடுப்பதற்குரிய பெற்றோர் இல்லாமலேயே, உடன்போன இடத்தில் மணம் நடக்கும் என்பது இதன் கருத்து. ஆகவே இந்தப் பெண் மணமகளாகப் போகிறவள்தான். அவளைக் கைப்பிடித்துக் கொடுப்பவர்கள் மட்டும் அங்கே இருக்கப்போவதில்லை.

பாடல் முழுவதும் ஒரே வாக்கியம். அதன் நடை இப்படிச் செல்கிறது:

1. விளாம்பழ மணம் வீசும், நிறைசூல் கொண்டது போன்ற பானையில், கயிறு உராய்ந்து உராய்ந்து தண்டு தேய்ந்துபோன மத்து, வெண்ணெய் திரளும்படி சுழன்று, தன்னைப் பிணித்திருக்கும் தூணின் அடியில் முழங்குகிறது. இவ்வளவும் 'விடியல்' என்ற சொல்லுக்கு அடைமொழி.

2. அந்த விடியலில் அவள் உடலை மறைத்துக்கொண்டு, பரல் இட்ட சிலம்பைக் காலிலிருந்து கழற்றி, வரிந்து புனைந்த அழகிய பந்தோடு சேர்த்து வைப்பதற்காகச் செல்கிறாள்.

3. 'இவற்றைக் காணும்போதெல்லாம் நோவார்களே, இரங்கத்தக்கவர்கள் என் தோழியர்' என்கிறாள். இதை அவள் வாய்விட்டுச் சொன்னாளா, மனத்துக்குள் நினைத்தாளா என்பதை 'என' என்ற சொல் பிரித்துக் காட்டுவதில்லை.

4. உம்மோடு வருவதை அவள் மேற்கொண்டிருக்கும்போதே, அவளுடைய கட்டுக்கு அடங்காமல் கண்கள் கலங்கி அழுதன.

பேசுபவள் தோழி. கேட்பவன் தலைவன். 'நும்மொடு' என்ற சொல் அவனைத்தான் சுட்டுகிறது. தொகுத்தவர்கள் பாடலின் அடியில் சேர்த்த துறைக்குறிப்பு, 'தோழி உடன்போக்கு அஞ்சுவித்தது' என்கிறது. உடன்போக்கை நினைத்துத் தலைவன் அஞ்சும்படி தோழி பேசினாள் என்பது அதன் பொருள். இந்தக் குறிப்பு பாடலின் உறுப்பன்று. ஆனால் யார் யாரிடம் எதற்காகப் பேசுகிறார் என்பதற்கு நமக்குக் கிடைக்கும் பழைய சான்று அதுதான்.

## சிலம்பு: ஓசையும் சடங்கும்

பொருள்களில் முதன்மையானது சிலம்பு. 'அரி' என்பது சிலம்பின் உள்ளே இடப்படும் பரல். அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் ஒலிப்பது அதனால்தான். வீட்டார் எழுந்துவிட்ட வேளையில் யாருக்கும் தெரியாமல் வெளியேற வேண்டியவள் சிலம்பைக் கழற்றுவதற்கு இந்தக் காரணமே போதும். பாடலை முதன்முறை படிப்பவர் இத்துடன் நின்றுவிட்டாலும் தவறில்லை.

ஆனால் அக்காலக் கேட்போருக்கு 'சிலம்பு கழீஇ' என்ற தொடர் வேறொன்றையும் நினைவூட்டியிருக்கும். மணத்துக்கு முன்பு, பெண்ணின் காலில் அவள் சிறுமியாக இருந்த நாளிலிருந்து கிடந்த சிலம்பைக் கழற்றுவது பிறந்த வீட்டில் நடக்கும் ஒரு சடங்கு. இதற்குச் சான்று ஐங்குறுநூற்றின் 399ஆம் பாடல். அங்கே மகள் ஏற்கெனவே உடன்போய்விட்டாள். தலைவன் தன் வீட்டில் சிலம்புகழி சடங்கை நடத்திவிட்டான். செய்தி கேட்ட நற்றாய், 'நும்மனைச் சிலம்பு கழீஇ அயரினும் எம்மனை வதுவை நன்மணம் கழிக' என்று அவனுடைய தாயிடம் சொன்னால் என்ன என்று கேட்கிறாள். சிலம்பு கழிக்கும் உரிமையைத்தான் இழந்துவிட்டோம், திருமணத்தையாவது எங்கள் வீட்டில் நடத்தக்கூடாதா என்ற ஏக்கம் அது. ஒரு தாய்க்கு அந்தச் சடங்கு எவ்வளவு பெரியது என்பது இந்த ஒரு வேண்டுகோளிலேயே தெரிந்துவிடுகிறது.

இதை மனத்தில் கொண்டு நற்றிணை 12க்குத் திரும்பினால் காட்சி மாறுகிறது. சுற்றத்தார் கூடியிருக்க, தாய் முன்நிற்க நடக்க வேண்டிய ஒன்றை, அரையிருளில், தனியாக, தன் கையாலேயே அவள் செய்துகொள்கிறாள். தப்பிச் செல்வதற்காகக் கழற்றுகிறாள் என்பதும் மணத்துக்காகக் கழற்றுகிறாள் என்பதும் ஒரே செயலில் சேர்ந்திருக்கின்றன. முன்னதாகப் பார்த்தால் அது மறைவு. பின்னதாகப் பார்த்தால், வீட்டின் சடங்கை வீட்டாரை விட்டுவிட்டு அவள் ஒருத்தியே நிறைவேற்றிக்கொள்வது. பாடல் எதையும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. அவள் சடங்கை நினைத்துத்தான் கழற்றினாள் என்று நாமும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆயினும், மரபறிந்த காதில் அந்தத் தொடர் இரண்டாகவே ஒலிக்கும்.

எதிர்நிலைக்குக் குறுந்தொகை 7ஐப் பார்க்கலாம். உடன்போகும் இருவரை வழியில் கண்டவர்கள், 'வில்லோன் காலன கழலே, தொடியோள் மெல்லடி மேலவும் சிலம்பே' என்று வியக்கிறார்கள். அந்தப் பெண் சிலம்போடே வந்துவிட்டாள். இன்னும் மணமாகாதவள் என்பதை அயலாரும் அவள் காலைப் பார்த்தே தெரிந்துகொள்கிறார்கள். சங்கப் பாடல்களில் சிலம்பு வெறும் அணி அன்று, மணநிலையைப் படித்தறியக்கூடிய அடையாளம் என்பதற்கு இது நல்ல சான்று. அதே பாடலில் கண்டோர், 'யார்கொல் அளியர் தாமே' என்று போகிறவர்களுக்காக இரங்குகிறார்கள். நற்றிணை 12இலோ போகிறவள், தங்கிவிடுகிறவர்களைப் பார்த்து 'அளியரோ அளியர்' என்கிறாள். இரக்கம் பாயும் திசை மாறியிருக்கிறது.

## பந்து: எங்கே வைக்கிறாள்?

சிலம்பைக் கழற்றியவள் அதை எறிந்துவிடவில்லை, மறைத்தும் வைக்கவில்லை, உடன் எடுத்துக்கொண்டதாகவும் பாடல் சொல்லவில்லை. பந்தோடு சேர்த்து வைக்கப்போகிறாள். பந்து ஆயத்தாரோடு, அதாவது விளையாட்டுத் தோழியரோடு, அவள் கழித்த நாள்களுக்கு உரியது. விடிந்ததும் அவர்கள் தேடி வரப்போவது அதைத்தான். உடலை மறைத்துக்கொண்டு செல்கிறவள், தான் போனதைச் சொல்லும் பொருளை எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் வைக்கிறாள். யாருக்கும் தெரியக்கூடாது என்ற எண்ணமும், தெரியாமலே இருந்துவிடக்கூடாது என்ற எண்ணமும் ஒரே கையில் இருக்கின்றன. வேறு பொருள்கள் எதையும் தேடாமல் பாடல் இந்த இரண்டோடு நின்றுவிடுவது நன்று. மூன்றாவதாக ஒரு கிளியோ பாவையோ வந்திருந்தால் பட்டியலாகிவிட்டிருக்கும்.

அடுத்து அவள் சொல்வதைக் கவனிக்க வேண்டும். 'இவை' என்பது அண்மைச் சுட்டு. பொருள்கள் அவள் கண்முன் இருக்கின்றன. அவள் இன்னும் வீட்டைவிட்டு நீங்கவில்லை. ஆனால் 'காண்தோறும் நோவர்' என்பது இனி நடக்கப்போவது, அதுவும் திரும்பத் திரும்ப நடக்கப்போவது. தான் நின்றுகொண்டிருக்கும் வீட்டையே, தான் இல்லாத வீடாக அவள் பார்த்துவிட்டாள். இந்தப் பார்வை வருவதற்குப் போவது உறுதியாகியிருக்க வேண்டும். போகலாமா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டிருப்பவளுக்கு இந்தத் துயரம் இவ்வளவு விவரமாகத் தோன்றாது. அழுகையைத் தயக்கத்தின் அடையாளமாக மட்டும் படிப்பது பிழைபடும் இடம் இதுதான்: அவள் அழுவதற்குக் காரணம் அவளுடைய துணிவேதான்.

அவள் தனக்காக ஒரு சொல்கூட இரங்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 'நோவேன்' என்று ஓரிடத்திலும் இல்லை; நோகிறவர்கள் ஆயத்தார். தன் துயரை அவர்கள் பெயரில் சொல்லிவிடுகிறாள்.

## சொல்லாமல் விட்டவை

இனிப் பாடலில் இல்லாதவை. இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. எந்தப் பாடலிலும் இல்லாத பொருள்கள் எண்ணற்றவை. இல்லாத ஒவ்வொன்றையும் மௌனம் என்று சொல்லிவிட முடியாது. அந்த இடத்தில் வந்திருக்க வேண்டும் என்று மரபோ சூழலோ எதிர்பார்க்கச் செய்யும் ஒன்று வராமல் போனால்தான் அதைப் பொருளுள்ள மௌனமாகக் கொள்ளலாம். அந்த அளவுகோலில் நிற்பவை மூன்று.

முதலாவது, தாய். உடன்போக்குப் பாடல்களில் பெருந்துயர் படுபவள் அவள்தான். செவிலியும் நற்றாயும் புலம்பும் பாடல்கள் எத்தனையோ உண்டு. இங்கே போகிறவள் வாயில் ஆயத்தார் வருகிறார்கள், தாய் வரவில்லை. அதே நேரத்தில் முதல் மூன்று அடிகளில் ஒருவர் தயிர் கடைந்துகொண்டிருக்கிறார். மத்துக்குத் தேய்ந்த தண்டு இருக்கிறது, கயிறு இருக்கிறது, தூண் இருக்கிறது, பானையின் மணம்கூட இருக்கிறது. கடைகிறவர் மட்டும் இல்லை. அது தாய்தான் என்று அறுதியிட்டுவிட எனக்கு மனம் வரவில்லை, ஏனெனில் பாடலில் அதற்கு ஒரு சொல்லும் இல்லை. வீட்டுப் பெண்களில் யாராகவும் இருக்கலாம். ஆனால் ஆயத்தாரைப் பெயர் சொல்லி இரங்கக்கூடிய பெண், பக்கத்திலேயே கேட்டுக்கொண்டிருக்கும் அந்த ஓசைக்கு உரியவரைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் கடப்பது தற்செயல் என்று தோன்றவில்லை. தோழியரின் துயரைச் சொல்ல முடிகிறது; இன்னொருவரின் துயரைச் சொல்லவே முடியவில்லை என்று படிப்பது பாடலுக்குப் பொருந்தும்.

இரண்டாவது, வழி. பாலைத்திணைக்குரிய பொழுதாகத் தொல்காப்பியம் நண்பகலையும் வேனிலையும் சொல்கிறது. நீரற்ற சுரமும், அம்பு எய்யும் ஆறலை கள்வரும், வாடிய மரங்களும் பாலைப் பாடல்களில் வழக்கமாக வருபவை. தலைவனை அஞ்சச் செய்ய வேண்டும் என்றால் தோழி அவற்றைத்தான் சொல்லியிருக்க வேண்டும்: வழி கொடிது, இவள் அடி மெல்லிது என்று. அவற்றில் ஒன்றும் இங்கே இல்லை. பொழுது விடியல், இடம் வீடு, மணம் விளாம்பழத்தின் மணம். பிரிவு என்ற உரிப்பொருள் ஒன்றால் மட்டுமே இது பாலைப் பாட்டாகிறது. அஞ்சுவதற்குரியதாகத் தோழி காட்டுவது காட்டை அன்று, அவன் அழைத்துச் செல்ல வந்திருக்கும் வீட்டின் நிறைவை. வெண்ணெய் திரண்டு வரும் ஒரு காலைப்பொழுதிலிருந்து இவளைப் பிரித்தெடுக்கப் போகிறாய் என்பதுதான் அவள் சொல்லாமல் சொல்வது.

மூன்றாவது, தோழி தன்னைப் பற்றிக் காக்கும் மௌனம். 'என் ஆயத்தோர்' என்று தலைவி சொல்லும்போது, அந்த ஆயத்தில் முதல் ஆள் இப்போது பேசிக்கொண்டிருக்கும் தோழிதான். சிலம்பையும் பந்தையும் காணும்போதெல்லாம் நோகப்போகிறவளும் அவளே. ஆனால் 'எங்களை நினைத்து அழுதாள்' என்றோ 'நான் என்ன செய்வேன்' என்றோ அவள் சொல்வதில்லை. தலைவியின் வாய்ச்சொல்லை அப்படியே எடுத்து ஒப்பிக்கிறாள். அதற்குள் தன் துயரமும் அடங்கிவிடுகிறது. தோழியும் இரண்டுபட்டவள்தான்: உடன்போக்கை முடித்துவைப்பது அவள் பொறுப்பு, அது முடிந்தால் இழப்பவளும் அவள்.

## கண் மட்டும் கட்டுப்படவில்லை

பாடலின் கடைசி இரண்டு அடிகளில் எழுவாய் மாறுகிறது. 'வரவு தான் அயரவும்' என்பதில் வருவதை மேற்கொள்பவள் 'தான்', அதாவது அவள். 'கலுழ்ந்தன கண்ணே' என்பதில் அழுபவை கண்கள். அவள் அழுதாள் என்று பாடல் சொல்லவே இல்லை. விருப்பம் ஓர் எழுவாய்க்கும் அழுகை மற்றோர் எழுவாய்க்கும் பங்கிடப்பட்டிருக்கிறது. நடுவே 'தன்வரைத்து அன்றியும்' நின்று, கண்கள் அவள் ஆணைக்குள் இல்லை என்கிறது. இரண்டு மனம் என்று விளக்கத் தேவையில்லாதபடி இலக்கணமே அவளைப் பிரித்துவிட்டது.

இதற்கு முன் அவள் செய்தவற்றை வரிசையாகப் பார்த்தால் இந்த முடிவின் அமைப்பு விளங்கும். உடலை மறைத்தாள்: காட்சி அடங்கியது. சிலம்பைக் கழற்றினாள்: ஓசை அடங்கியது. மத்தின் முழக்கம் எஞ்சிய ஓசையையும் மூடிவிடும். தன் கைக்கு எட்டிய எல்லாவற்றையும் அடக்கியபின், அடக்க முடியாத ஒன்று மிஞ்சி அது வெளிப்பட்டுவிடுகிறது. ஈற்றயலடி மூன்றே சீர்களாகக் குறுகுவது நேரிசை ஆசிரியப்பாவின் பொது இலக்கணம்தான். எனினும் 'நும்மொடு வரவுதான் அயரவும்' என்ற குறுகிய அடி அந்த இடத்தில் வந்து நிற்பதும், அடுத்த அடியில் கண்கள் கலங்குவதும் வாய்விட்டுப் படிப்பவர்க்கு நன்றாகவே கேட்கும்.

மனம் இரண்டுபடுவதை வெளிப்படையாகச் சொல்லும் பாட்டும் நற்றிணையிலேயே உண்டு. 284ஆம் பாடலில், பொருள் தேடிச் சென்ற தலைவனின் நெஞ்சம் காதலியிடம் திரும்பு என்கிறது. அறிவு, மேற்கொண்ட வினையை முடி என்கிறது. இரண்டு யானைகள் இருபுறமும் பற்றி இழுக்கும் 'தேய்புரிப் பழங்கயிறு போல' தன் உடம்பு அழிந்துவிடுமோ என்று அவன் வருந்துகிறான். அந்த உவமையாலேயே அதன் புலவருக்குத் தேய்புரிப் பழங்கயிற்றினார் என்ற பெயர் அமைந்தது. நற்றிணை 12இலும் ஒரு கயிறு இருக்கிறது. இரு கையாலும் மாறி மாறி இழுக்கப்பட்டு மத்தின் தண்டைத் தேய்க்கும் கயிறு. இதை அவளுடைய மனத்துக்கு உருவகமாக எடுத்துக்கொள்ளும் ஆவல் எழத்தான் செய்யும். நான் அதைப் பாதியளவுக்கே ஏற்பேன். 'தின்ற', 'தேய்' என்ற சொற்கள் அந்தப் பக்கம் சாய்கின்றன. ஆனால் உவம உருபு எதுவும் இல்லை, அவளோடு இணைக்கும் சொல்லும் இல்லை. தேய்ந்த தண்டு முதலில் காட்டுவது, அந்த வீட்டில் எத்தனையோ விடியல்களில் தயிர் கடையப்பட்டிருக்கிறது என்ற பழமையைத்தான். அந்தத் தொடர்ச்சியிலிருந்துதான் அவள் விலகப்போகிறாள்.

## அவள் போனாளா?

துறைக்குறிப்பை அப்படியே கொண்டால், தோழி உடன்போக்கைத் தடுக்கிறாள். இவ்வளவு அன்புள்ள பெண்ணை இப்படி அழைத்துச் செல்லாமல் முறைப்படி பெண் கேட்டு வா என்பது அவள் உட்கருத்து. குறிப்பை ஒதுக்கிவிட்டுப் பாடலை மட்டும் படித்தால், அவள் வரத்தான் போகிறாள், அவள் எதை விட்டுவிட்டு வருகிறாள் என்பதை அறிந்துகொள் என்று தலைவனிடம் ஒப்படைக்கும் பேச்சாகவும் அது நிற்கும். 'அயரவும்' என்ற சொல்லில் அவள் விருப்பம் குறையவில்லை என்பதும், 'கலுழ்ந்தன' என்பதில் அழுகை நடந்து முடிந்துவிட்டது என்பதும் தெளிவு. அதற்கு மேல் என்ன நடந்தது என்பது பாடலில் இல்லை. தலைவன் என்ன மறுமொழி சொன்னான் என்பதும் இல்லை.

கயமனாரின் மற்றொரு பாடலான நற்றிணை 305இல், மகள் போனபின் தாய் 'வரியணி பந்தும் வாடிய வயலையும்' தனியே கண்டு நோகிறாள்; அவள் பேசுவது மகளின் தோழியிடம். ஐங்குறுநூறு 375இலும் மகளின் பாவையையும் கிளியையும் 'காண்தொறும் காண்தொறும் கலங்க' அவள் நீங்கிவிட்டாளே என்று தாய் அரற்றுகிறாள். நற்றிணை 12இன் பெண் முன்னதாகவே சொல்லிவிட்ட 'இவை காண்தோறும் நோவர்' என்பது இப்பாடல்களில் நடந்தேறிவிட்டது போலத் தோன்றும். ஆனால் இவற்றை ஒரே கதையின் அடுத்தடுத்த காட்சிகளாக இணைத்துவிடக்கூடாது. அகப்பாடல்கள் தனித்தனியே நிற்பவை. தலைவிக்குப் பெயர் சூட்டாத மரபில், ஒரு பாடலின் பந்து மற்றொரு பாடலின் பந்து ஆகாது. இணைத்துப் படிப்பதால் கிடைக்கும் பயன் வேறொன்று: பிற்பாட்டுகளில் பொருள்களைக் கண்டு நோகிறவள் தாய். நற்றிணை 12இல் போகிறவள் அந்த நோவை ஆயத்தாருக்கு உரியதாக மட்டும் சொல்லி, தாயைச் சொல்லாமல் விட்ட இடைவெளி எவ்வளவு பெரியது என்பதை அந்தப் பாட்டுகளே அளந்து காட்டுகின்றன.